பக்கத்து மனையில் 3-வது மாடி எழும்புதா? வாய்ச்சண்டை வேண்டாம், வரைபடத்தை கேளுங்க! நொய்டா இரட்டை கோபுரத்தை சாய்த்த குடியிருப்புவாசிகள் செய்தது என்ன?

திருத்தணி,

திருத்தணி, மணவூர், திருவாலங்காடு பக்கம் ரெயிலில் சென்னைக்கு வேலைக்கு போய் வருகிறவர்கள் அதிகம். ஊரிலேயே 6 வீடு, 8 வீடு கொண்ட சின்ன சின்ன அடுக்குமாடிகள் வந்து விட்டன. கடன் வாங்கி வீட்டை வாங்கி, தவணை கட்டிக் கொண்டிருக்கும் போதே பக்கத்து மனையில் ஜல்லி, மணல் வந்து இறங்குகிறது. இரண்டு மாடி என்று சொல்லி ஆரம்பித்தவர் மூன்றாவதுக்கு சென்ட்ரிங் அடிக்கிறார். நம் வீட்டு ஜன்னலை திறந்தால் கையெட்டும் தூரத்தில் அவர் சுவர். ராத்திரி 11 மணிக்கும் கலவை மெஷின் ஓடுகிறது.

இந்த மாதிரி சமயத்தில் நம் ஆட்கள் செய்வது இரண்டே இரண்டு. ஒன்று, மேஸ்திரியோடு வாய்ச்சண்டை. இரண்டு, போலீஸ் நிலையம். மேஸ்திரி "ஓனரை கேளுங்க" என்பார். போலீசார் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பி விடுவார்கள். அதற்குள் கான்கிரீட் போட்டு விடுவார்கள். அப்புறம் "கட்டினதை இடிக்கவா முடியும்?" என்று ஊரே கேட்கும்.

இடிக்க முடியும். இடித்தும் காட்டி இருக்கிறார்கள். டெல்லி பக்கத்தில் நொய்டாவில் 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி பகல் 2.30 மணிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் நின்ற இரண்டு கோபுரங்கள் சில வினாடிகளில் மண்ணோடு மண்ணாகின. சுமார் 3,700 கிலோ வெடிபொருள் வைத்து தகர்த்தார்கள். குதுப்மினாரை விட உசரமான கட்டிடம் அது. டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அதை சாய்த்தது யார், எப்படி என்பதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. சாய்த்தது பக்கத்து பிளாட்டில் குடியிருந்தவர்கள்.

தோட்டம் என்றார்கள், கோபுரம் வந்தது

அந்த வழக்கின் விவரம் வருமாறு:-

நொய்டா 93-ஏ செக்டாரில் எமரால்டு கோர்ட் என்ற அடுக்குமாடி குடியிருப்பு. சூப்பர்டெக் கம்பெனி கட்டியது. 2004-ல் நிலம் ஒதுக்கப்பட்டு, 2005-ம் ஆண்டு ஜூன் மாதம் நொய்டா ஆணையம் முதல் வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தது. தரைத்தளமும் 9 மாடியுமாக 14 கட்டிடங்கள். அதை நம்பித்தான் ஜனங்கள் வீடு வாங்கினார்கள். முதல் கட்டிடத்தின் பக்கத்தில் பசுமை தோட்டம் என்று விளம்பரத்திலும் காட்டி இருந்தார்கள்.

2006-ல் கூடுதல் நிலம் வந்தது. வரைபடம் திருத்தப்பட்டது. 2009 நவம்பரில் மறுபடி திருத்தம். தோட்டம் என்று சொன்ன பக்கம் 24 மாடியில் இரண்டு கோபுரம். 2012 மார்ச்சில் இன்னொரு திருத்தம். 24 மாடி 40 மாடியாக ஏறியது. உயரம் 121 மீட்டர் என்று அனுமதி. இதில் இன்னொரு கூத்து என்ன தெரியுமா? 2009 நவம்பரில் தான் அனுமதி வந்தது. ஆனால் வேலை ஜூலையிலேயே தொடங்கி விட்டது என்பது பின்னால் கோர்ட்டில் வெளியே வந்தது.

குடியிருப்போர் சங்கத்தினர் முதலில் செய்தது போராட்டம் இல்லை. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை கொடுங்கள் என்று நொய்டா ஆணையத்திடம் எழுதி கேட்டார்கள். ஆணையம் என்ன செய்தது? "கொடுக்கலாமா?" என்று கட்டுகிற கம்பெனியிடமே கேட்டது. கம்பெனி "கூடாது" என்றது. ஆணையமும் கையை விரித்து விட்டது. திருடன் கிட்டயே சாவி கேட்ட கதை தான். ஆனால் அந்த மறுப்பு கடிதமே பின்னால் சங்கத்துக்கு பெரிய ஆயுதமாக மாறியது. கட்டுகிறவரும் அதிகாரிகளும் கைகோர்த்து இருக்கிறார்கள் என்பதற்கு அதையே கோர்ட்டு சுட்டிக் காட்டியது.

2012 கடைசியில் சங்கம் அலகாபாத் ஐகோர்ட்டில் வழக்கு போட்டது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி இரண்டு கோபுரத்தையும் இடிக்க உத்தரவு. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. அங்கே ஏழு வருஷம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர்.ஷா ஆகியோர் ஐகோர்ட்டு தீர்ப்பை உறுதி செய்தார்கள். இடிக்கிற செலவு கம்பெனி தலையில். வீடு பதிவு செய்தவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணம் திரும்ப. வழக்கு போட்ட சங்கத்துக்கு ரூ.2 கோடி.

ஜெயித்தது எதனால்? பெரிய பெரிய சட்ட வாதம் நிறைய நடந்தது. ஆனால் அடிப்படையில் இரண்டு விஷயம் தான்.

முதலாவது, இடைவெளி. பழைய முதல் கட்டிடத்துக்கும் புது கோபுரத்துக்கும் நடுவில் குறைந்தது 16 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்ததோ 9 மீட்டர். "இரண்டும் ஒரே கட்டிட தொகுப்பு, அதனால் இடைவெளி விதி பொருந்தாது" என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. டேப் வைத்து அளந்தால் தெரிகிற விஷயத்தை எந்த வக்கீலாலும் மாற்ற முடியாது.

இரண்டாவது, சம்மதம். ஏற்கனவே வீடு வாங்கியவர்களுக்கு அந்த நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் உண்டு. அதிலே புதுசாக கட்டிடம் கிளப்பினால் அவர்கள் பாகம் சுருங்கும். அவர்களிடம் சம்மதமே வாங்கவில்லை.

அதாவது, சங்கத்தார் "எங்களுக்கு காற்று வரல, வெளிச்சம் வரல" என்று மட்டும் புலம்பவில்லை. வரைபடம், அளவு, சம்மதம் மூன்றையும் பேப்பரில் வைத்தார்கள். நம்ம ஊர் 8 வீட்டு அடுக்குமாடிக்கும் இதே வழி தான். அளவு தான் சின்னது.

நம்ம ஊரில் எப்படி?

ஒரு உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். மணவூர் ரெயில் நிலையம் பக்கம் 8 வீடு கொண்ட அடுக்குமாடி. பக்கத்து மனை 1,800 சதுர அடி. அதில் தரைத்தளம், முதல் மாடி முடிந்து விட்டது. இப்போது இரண்டாவது மாடிக்கு பில்லர் எழும்புகிறது. நம் பக்கம் இடைவெளியே விடவில்லை. என்ன செய்வது?

முதலில் அவர் எந்த வகையில் அனுமதி வாங்கினார் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் இருந்து சுயசான்று முறை நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, அலுவலகம் அலுவலகமாக அலையாமல் ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிக் கொள்ளலாம். நல்ல திட்டம் தான். ஆனால் அது தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும் கொண்ட வீட்டுக்கு. இந்த முறையில் அனுமதி வாங்கிய ஒருவர் இரண்டாவது மாடி எழுப்பினால், அதற்கு மேல் ஆராய்ச்சியே தேவையில்லை. கண்ணால் எண்ணிப் பார்த்தாலே விதிமீறல்.

வழக்கமான அனுமதி என்றால் வேறு கணக்கு. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, 18.30 மீட்டர் வரை உயரம் உள்ள சாதாரண கட்டிடத்தில் பொதுவாக மனையின் பரப்பை போல இரண்டு மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம். 1,800 சதுர அடி மனை என்றால் 3,600 சதுர அடி. கார் நிறுத்துகிற இடம் போன்ற சிலது இந்த கணக்கில் சேராது. அதனால் வெளியே இருந்து மாடியை எண்ணி "விதிமீறல்" என்று குதித்து விடாதீர்கள். அவர் முறையாக வாங்கி இருந்தால் நமக்கு தான் அவமானம். அனுமதித்த வரைபடத்தில் எத்தனை மாடி, பக்கவாட்டில் எத்தனை மீட்டர் விட சொல்லி இருக்கிறது என்பது தான் பேச்சு.

மாடி மேல் கம்பியை நீட்டி விட்டிருக்கிறார்கள் என்பதையும் சிலர் ஆதாரமாக சொல்வார்கள். பின்னால் கட்டலாம் என்று எல்லோரும் தான் கம்பியை விட்டு வைக்கிறார்கள். அது ஆதாரம் ஆகாது. சென்ட்ரிங் பலகை ஏறினால் தான் வேலை தொடங்கியதாக அர்த்தம்.

வரைபடத்தை எப்படி வாங்குவது?

தகவல் அறியும் உரிமை சட்டத்தில் மனு. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. மணவூர் போன்ற கிராம பஞ்சாயத்து என்றால் பஞ்சாயத்து அலுவலகம், திருவாலங்காடு ஒன்றிய அலுவலகம். திருத்தணி டவுன் என்றால் நகராட்சி. பெரிய அடுக்குமாடி என்றால் நகர் ஊரமைப்புத்துறையின் மாவட்ட அலுவலகம். எங்கே என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தவறான அலுவலகத்துக்கு போன மனுவை 5 நாளில் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று அந்த சட்டமே சொல்கிறது.

மனுவில் கேள்வி கேட்க தெரிய வேண்டும். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்? இது நியாயமா?" என்று எழுதினால், "காரணம் கூற இயலாது" என்று ஒரு வரியில் முடித்து விடுவார்கள். ஆவணத்தை கேட்க வேண்டும். இந்த சர்வே எண், இந்த மனை எண்ணில் கட்டிட அனுமதி கொடுத்த உத்தரவின் நகல், அனுமதித்த வரைபடத்தின் நகல், இதுவரை ஆய்வு செய்த அறிக்கை, நோட்டீஸ் கொடுத்து இருந்தால் அதன் நகல். இந்த நாலும் போதும். கூடவே "கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து விடுங்கள். நகல் தர இழுத்தடிக்கும் இடத்தில், நேரில் பார்க்க விடுவது சில சமயம் சீக்கிரம் நடக்கும்.

சர்வே எண் தான் உயிர். "எங்க வீட்டுக்கு வடக்கு பக்கத்து கட்டிடம்" என்று எழுதிய மனுக்கள் அலுவலகங்களில் தூங்கிக் கொண்டு இருக்கின்றன. நம் கிரயப் பத்திரத்தில் நாலு எல்லை எழுதி இருக்கும். அதில் பக்கத்து மனை எண் இருக்கும். இல்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரை கேட்டால் தெரியும்.

பதில் வர 30 நாள் கெடு. "மூன்றாம் நபர் தகவல், தர முடியாது" என்று வரலாம். நொய்டாவில் நடந்தது போலவே தான். அதோடு விட்டு விடக்கூடாது. மூன்றாம் நபரின் ஆட்சேபத்தை கேட்க வேண்டும் என்று தான் சட்டம் சொல்கிறதே தவிர, அவர் வேண்டாம் என்றாலே மறுத்து விட வேண்டும் என்று சொல்லவில்லை. பொதுநலன் பெரியது என்றால் கொடுக்கலாம். 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநில தகவல் ஆணையம். மறுப்பு கடிதத்தை கிழித்து போடாமல் பத்திரமாக வையுங்கள்.

30 நாள் காத்திருந்தால் ஒரு மாடி முடிந்து விடும்

இங்கே தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரைபடம் கையில் வரட்டும், அப்புறம் புகார் கொடுக்கலாம் என்று இருந்தால் கதை முடிந்தது. நல்ல மேஸ்திரி ஒரு மாதத்தில் ஒரு தளம் ஏற்றி விடுவார். அதனால் ஆர்.டி.ஐ. மனுவும் புகார் மனுவும் ஒரே நாளில் போக வேண்டும்.

புகார் மனுவில் கோபம் தேவையில்லை. சர்வே எண், வேலை எப்போது தொடங்கியது, இன்றைய நிலை என்ன, நம் சுவருக்கும் அவர் சுவருக்கும் எத்தனை அடி, என்ன கேட்கிறோம் என்பது மட்டும். கேட்பது இரண்டு. ஒன்று, நேரில் வந்து வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து பார்க்க வேண்டும். இரண்டு, மீறல் இருந்தால் வேலையை நிறுத்த நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்பு சட்டம் 1971-ல் 56, 57 ஆகிய பிரிவுகளை குறிப்பிடுங்கள். 57 நடக்கிற வேலையை நிறுத்த. 56 கட்டியதை பழைய நிலைக்கு கொண்டு வர, பூட்டி சீல் வைக்க.

போட்டோ எடுங்கள். கையில் அன்றைய பேப்பரை பிடித்துக் கொண்டு எடுப்பது பழைய டெக்னிக். இன்றைக்கும் நல்ல டெக்னிக். வாரம் ஒரு போட்டோ, ஒரே இடத்தில் நின்று. நோட்டீஸ் கொடுத்த பிறகும் வேலை நடந்தது என்பதை நிரூபிக்க இதை விட வேறு ஆதாரம் கிடையாது.

மனுவை கையில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதும், 1100-க்கு போன் போடுவதும் தப்பில்லை. ஆனால் ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். அங்கே கொடுக்கிற மனு சுற்றி சுற்றி அதே பஞ்சாயத்து மேஜைக்கோ நகராட்சி மேஜைக்கோ தான் வந்து சேரும். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று எஸ்.எம்.எஸ். வரும், மனு முடிக்கப்பட்டதாக காட்டும். அந்த மனு எண் பின்னால் கோர்ட்டில் உதவும், அந்த அளவுக்கு தான் அதன் பலன்.

மனுவின் ஒரு நகலை மின்வாரிய உதவி என்ஜினீயருக்கும் கொடுத்து விடுங்கள். சின்ன வீடுகளுக்கு நிறைவு சான்றில் விலக்கு இருக்கிறது. ஆனால் பெரிய கட்டிடம், கடை கட்டிடம் என்றால் நிறைவு சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடையாது. சீலுக்கு பயப்படாதவர் கரண்டுக்கு பயப்படுவார்.

2024 டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மீரட் நகர வழக்கு ஒன்றில் நாடு முழுவதுக்கும் பொருந்தும் உத்தரவு போட்டது. குடியிருப்பு மனையில் கடைகள் கட்டிய வழக்கு அது. நீதிபதிகள் பர்திவாலா, ஆர்.மகாதேவன். மகாதேவன் நம்ம சென்னை ஐகோர்ட்டில் இருந்து போனவர். கட்டுகிற இடத்தில் அனுமதித்த வரைபடத்தை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது நேரில் ஆய்வு செய்து பதிவு செய்ய வேண்டும், தவறாக சான்று கொடுத்த அதிகாரி மீது துறை நடவடிக்கை என்றெல்லாம் அதில் இருக்கிறது. பல வருஷம் சும்மா விட்டு விட்டார்கள், நிறைய பணம் போட்டு விட்டோம் என்பதெல்லாம் சட்டவிரோத கட்டிடத்தை காப்பாற்றாது என்றும் சொல்லி விட்டார்கள். புகார் மனுவில் இந்த தீர்ப்பின் தேதியை ஒரு வரி எழுதினால், படிக்கிற அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

நோட்டீஸ் வந்தாச்சு, வேலை நிற்கலையே?

நோட்டீஸ் ஒட்டியதும் ஜெயித்து விட்டோம் என்று லட்டு கொடுத்தவர்கள் உண்டு. நிஜமான இழுபறி அங்கே தான் ஆரம்பம்.

நோட்டீஸ் வாங்கியவர் சும்மா இருக்க மாட்டார். திருத்திய வரைபடம் கொடுத்து அனுமதி கேட்பார். அல்லது அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் மனு போடுவார். "மேல்மனு நிலுவையில் இருக்கிறது" என்று கீழே உள்ள அதிகாரி பேனாவை மூடி விடுவார். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இப்படியே கிடக்கும் கோப்புகள் உண்டு. அதற்குள் வீட்டில் குடித்தனமும் வந்து விடும். நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித்துறை செயலாளருக்கு "பாதிக்கப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் நான், என்னையும் விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்" என்று ஒரு மனு. அந்த மேல்மனுக்களை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று மேலே சொன்ன சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே இருக்கிறது. அதையும் எழுதுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சென்னை ஐகோர்ட்டு. ரிட் மனு. இங்கே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஐகோர்ட்டு உடனே புல்டோசர் அனுப்பும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் முதல் சுற்றில் வருவது, "மனுதாரர் கொடுத்த மனுவை பரிசீலித்து, இரு தரப்பையும் கேட்டு, இத்தனை வாரத்துக்குள் உத்தரவு போடுங்கள்" என்பது தான். ஏமாற்றமாக தான் இருக்கும். ஆனால் இனி அந்த கோப்பை அதிகாரி தூங்க வைக்க முடியாது. கெடு தாண்டினால் கோர்ட்டு அவமதிப்பு. அந்த வழக்கையும் ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும், மறந்து விடாதீர்கள். சீல் வாங்கிய மனு நகல் இல்லாமல் ஐகோர்ட்டு படி ஏறினால், "முதலில் மனு கொடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பி விடுவார்கள்.

வக்கீல் செலவுக்கு பயந்து பலர் நின்று விடுகிறார்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்கு போன் போட்டு கேட்கலாம். வீடு மனைவி பெயரில் இருந்தால் மனைவியை மனுதாரராக போட சொல்லுங்கள்.

அஸ்திவாரம் தோண்டும் போதே விரிசல் என்றால்

இது வேறு அவசரம். பக்கத்தில் ஆழமாக குழி தோண்டி, மண் சரிவை தடுக்க ஒன்றும் செய்யாமல் விட்டால் நம் அஸ்திவாரத்துக்கு அடியில் மண் நகரும். சுவரில் கோணலாக, படிக்கட்டு போல விரிசல் வரும். பூச்சு விரிசலா, சுவர் விரிசலா என்று தெரிய மேஸ்திரிகள் ஒரு வேலை செய்வார்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை பசை போட்டு ஒட்டி, தேதி எழுதி வைப்பது. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்போது 30 நாள், 90 நாள் எல்லாம் பார்க்க கூடாது. என்ஜினீயரை கூட்டி வந்து எழுத்து மூலமாக அறிக்கை வாங்கி, உள்ளூர் சிவில் கோர்ட்டில் இடைக்கால தடை கேட்க வேண்டும். ஆர்.டி.ஓ.விடமும் மனு கொடுக்கலாம். ஆபத்தான நிலையில் உள்ளதை சரி செய்ய உத்தரவிட, 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய சட்டத்தில் இது 133.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி 11 மாடி கட்டிடம் இடிந்து 61 பேர் பலியானார்கள். கட்டிட வேலைக்கு வந்த கூலித்தொழிலாளர்கள் தான் பெரும்பாலும். பக்கத்து கட்டிடம் சரியா என்று கேட்பது பொறாமையால் கேட்பதாக ஊரில் பேசுவார்கள். பேசட்டும்.

விதிமீறல் நம் கட்டிடத்துக்குள்ளேயே என்றால்?

இது இன்னும் சங்கடம். மொட்டை மாடியில் ஒருத்தர் ஷீட் போட்டு ரூம் கட்டுவார். கார் நிறுத்தத்தை சுவர் வைத்து அடைப்பார். தினமும் படிக்கட்டில் பார்க்கிற முகம். முதலில் உங்கள் கிரயப் பத்திரத்தில் மொட்டை மாடி பொது என்று எழுதி இருக்கிறதா, யாருக்காவது தனியாக எழுதி கொடுத்து இருக்கிறார்களா என்று பாருங்கள். பொது என்றால் அதில் எல்லோருக்கும் பாகம். 2024 மார்ச்சில் இருந்து அமலில் உள்ள புதிய தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமை சட்டப்படி சங்கம் பதிவு செய்து, சங்கத்தின் பெயரில் தீர்மானம் போட்டு நோட்டீஸ் கொடுப்பது நல்லது. தனி ஆள் கொடுத்தால் பகை, சங்கம் கொடுத்தால் விதி. கட்டியவரே கூடுதல் மாடி ஏற்றுகிறார், திட்டம் ரெராவில் பதிவானது என்றால், வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வரைபடத்தை மாற்ற முடியாது. நொய்டாவில் பேசப்பட்ட அதே சம்மதம் தான்.

ராத்திரி சத்தத்துக்கு என்ன வழி?

இதற்கு மட்டும் போலீஸ் தான் சரி. ஒலி மாசு விதிகள் 2000-த்தின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்பு பகுதியில் அந்த நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான மெஷின்களை ஓட்டக் கூடாது. கலவை மெஷின், டிரில்லிங், டைல்ஸ் கட்டிங் எல்லாம் இதில் வரும். அளவும் சொல்லி இருக்கிறார்கள். பகலில் 55 டெசிபல், இரவில் 45. பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தம் அவர் எல்லைக்கு வெளியே இந்த அளவை விட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. செல்போனில் அளக்கிற ஆப் ஒரு அடையாளத்துக்கு தான், சாட்சி ஆகாது. சத்தம் நடக்கும் போதே 100 அல்லது 112-க்கு போன் போடுங்கள், நேரத்தை குறித்து வையுங்கள். மறுநாள் காலை நிலையத்தில் எழுத்து மூலமாக புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "கட்டிடம் சட்டவிரோதம்" என்று எழுதினால் மறுபடி "சிவில் மேட்டர்" தான். "ராத்திரி 11.20 மணிக்கு மெஷின் ஓடியது" என்று மட்டும் எழுதுங்கள். மூணு ரசீது சேர்ந்தால், ஆர்.டி.ஓ. மனுவோடு அதையும் இணைக்கலாம்.

நம்ம உதாரணத்து மணவூர் அடுக்குமாடிக்காரர் இன்றைக்கு செய்ய வேண்டியதற்கு மொத்த செலவு: ஆர்.டி.ஐ. கட்டணம் 10 ரூபாய், ஜெராக்ஸ், இரண்டு ஸ்பீடு போஸ்ட், ஒரு அளவு டேப். சென்ட்ரிங் ஏறுவதற்கு முன்னால் தபால் போய் சேர வேண்டும்.